கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதம்

கொழும்பு 6
மார்ச் 17

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய குறிப்புகளை வைத்து, பாடநெறிக்குக் கட்டிய காசைத் திருப்பிக் கேட்டு அந்த நிறுவனத்துக்கு அனுப்பவேண்டிய ஆங்கிலக் கடிதத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுமுன் எதை ஏன் மாற்றினேன் என்று வாசித்துப் பார். அவர்கள் தொலைபேசியில் கதைத்தால் நீயும் அதே நிலையில்தான் நிற்க வேண்டும்.

உன் குறிப்பில் ஆபத்தான வரி ஒன்று இருந்தது: "என்னால இனி வர ஏலாது, அதனால விலகுறன்." அதை அப்படியே 'ஐ விஷ் டு வித்ட்ரோ' என்று எழுதியிருந்தால் காசு போனமாதிரித்தான். பற்றுச்சீட்டின் பின்பக்கம் 'கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறார்கள். மாணவர் தானாக விலகினால் அவர்கள் காட்டப்போவது அந்த வரியைத்தான். ஆனால் நீ விலகவில்லை. சனிக்கிழமை நேரடி வகுப்பு என்று சொல்லிக் காசு வாங்கியவர்கள் அந்த வகுப்பை நடத்தவில்லை. கடிதம் முழுக்க இந்த ஒரே நிலையில் நிற்கிறது. அதனால் உன் வேலை நேரம், பஸ் செலவு, மனவருத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவை உண்மைதான். ஆனாலும் வரமுடியாமல் போனது உன் வசதிக்காக என்ற தோற்றத்தை அவை தந்துவிடும்.

"வகுப்பு தள்ளிப்போச்சு" என்று எழுதியிருந்தாய். தள்ளிப்போட்டது யார் என்று அதில் இல்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுவனத்தின் பெயரில் தொடங்கி, திகதியோடு எழுதியிருக்கிறேன். ஜனவரி 8 அன்று பதிவுக்கு 5,000 ரூபாவும் பாடநெறிக்கு 60,000 ரூபாவும் பெற்றுக்கொண்டார்கள். பெப்ரவரி 1 தொடங்கவேண்டிய வகுப்பை 22க்கும், பிறகு மார்ச் 8க்கும் மாற்றினார்கள். மார்ச் 5 அன்று, இனி வார நாட்களில் காலை பத்து மணிக்கு ஒன்லைனில் மட்டும் என்று வாட்ஸ்அப்பில் அறிவித்தார்கள். "ஏமாத்திட்டாங்க" என்ற சொல்லுக்கு இடமே வைக்கவில்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர்கள் சண்டைக்கு வரலாம், திகதிகளை மறுக்க முடியாது.

கேட்கும் தொகையை முதல் வரியிலேயே வைத்திருக்கிறேன். நம் காரியாலயக் கடிதங்களில் வழக்கமாக வரும் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' வேண்டாம். எது தேவையானது என்று முடிவெடுக்கும் உரிமையை அது அவர்களிடமே கொடுத்துவிடும். மரியாதைக்கு 'ஐ ரிக்வெஸ்ட்' போதும். அதற்குப் பின்னால் தொகை, மார்ச் 31 என்ற திகதி, உன் வங்கிக் கணக்கு மூன்றும் வருகின்றன. 'கூடிய விரைவில்' என்று எழுதினால் எந்த நாளில் தவறினார்கள் என்று பிறகு காட்ட முடியாது.

60,000 ரூபாவையும் 5,000 ரூபாவையும் இரண்டு வாக்கியங்களாகப் பிரித்திருக்கிறேன். பதிவுக் கட்டணத்துக்கு அவர்கள் மறுப்புச் சொல்ல வாய்ப்பு அதிகம். இரண்டையும் ஒரே தொகையாக எழுதினால் அந்தச் சிறு தொகையைக் காரணம் காட்டி முழுவதையும் இழுத்தடிப்பார்கள். வேறு பாடநெறிக்கு மாற்றித் தருவதை நீ ஏற்கவில்லை என்றும் ஒரு வரி உண்டு. அது இல்லாவிட்டால் பதிலாக முதலில் வருவது அந்தச் சலுகைதான்.

கடைசிப் பந்தியில், மார்ச் 31க்குள் காசு கிடைக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன் என்று ஒரே வாக்கியம். அதற்கு மேல் மிரட்டல் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அந்த முறைப்பாட்டை எழுத்தில், சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இங்கே சேவையே கிடைக்காததால், பாதுகாப்பாகக் காசு கட்டிய நாளிலிருந்தே எண்ணுகிறேன்: ஏப்ரல் 8. மார்ச் 31 என்று கெடு வைத்தது அதனால்தான். அவர்கள் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்றால் அந்த ஒரு கிழமையைப் பேச்சில் விட்டுவிடாதே.

கடிதத்தோடு பற்றுச்சீட்டின் இரு பக்கப் பிரதி, வகுப்பு நேரம் போட்ட விளம்பரம், வாட்ஸ்அப் அறிவித்தல்களின் ஸ்கிரீன்ஷொட் ஆகிய மூன்றையும் இணை. ஸ்கிரீன்ஷொட்டில் திகதியும் அனுப்பிய இலக்கமும் தெரிய வேண்டும். மூலப் பற்றுச்சீட்டை யாருக்கும் கொடுக்காதே. மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதே நாளில் மட்டக்களப்புத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலிலும் போடு. துண்டைப் பத்திரப்படுத்து.

தொலைபேசியில் ஏதாவது ஒப்புக்கொண்டால், "நீங்கள் இன்று இப்படிச் சொன்னீர்கள்" என்று அன்றே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பு. பாதித் தொகை தந்து கையெழுத்துக் கேட்டால், அந்தத் தாளில் 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்', அதாவது இதோடு கணக்கு முழுதாகத் தீர்ந்தது, என்று இருக்கிறதா பார். இருந்தால் கையெழுத்திடாமல் எனக்குப் படமெடுத்து அனுப்பு.

கணக்கு இலக்கத்தை உன் வங்கிப் புத்தகத்தோடு ஒருதரம் ஒத்துப்பார்த்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
அம்மா