தட்டுங்கள் என்றவர் சொன்ன மற்றவை

கோத்தகிரி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மா இறந்த பிறகு யாரோ ஒருவர், "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்; தேடுங்கள், அப்பொழுது கண்டடைவீர்கள்; தட்டுங்கள், அப்பொழுது உங்களுக்குத் திறக்கப்படும்" என்ற வசனத்தை அழகாக அச்சிட்ட அட்டையை உனக்கு அனுப்பியிருக்கிறார். "நாம் விசுவாசத்தோடு கேட்கவில்லையோ, அப்பா?" என்று நீ கேட்டிருக்கிறாய். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், அந்த வசனம் வரும் இயேசுவின் மலைப்பிரசங்கத்தை, மத்தேயு 5, 6, 7 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படித்து முடித்த பிறகே எழுதுவது என்று இருந்துவிட்டதுதான்.

உன் கேள்விக்கே முதலில் வருகிறேன். 7-ஆம் அதிகாரத்தின் அந்த இடத்தில் விசுவாசத்தின் அளவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த வசனம், "கேட்கிறவன் எவனும் பெற்றுக்கொள்ளுகிறான்" என்கிறது. எவனும் என்று சொல்லிவிட்ட பிறகு, இவன் தகுதியுள்ளவன், இவன் குறைந்தவன் என்று பிரிக்க அங்கே இடமில்லை. விசுவாசமுள்ளவர்களாய்க் கேட்பது பற்றி இயேசு பேசுவது 21-ஆம் அதிகாரத்தில், வேறொரு சந்தர்ப்பத்தில். அதை இங்கே கொண்டுவந்து, துக்கத்தில் இருக்கிறவள் மேல் பழியாகச் சுமத்துவது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்த வாக்கில் 'எதை' என்ற சொல்லும் இல்லை என்பதைக் கவனித்தாயா? கேளுங்கள் என்கிறார், நீங்கள் கேட்டதெல்லாம் என்று அங்கே சொல்லவில்லை. சில வரிகள் தள்ளி, அப்பம் கேட்கும் மகனுக்குக் கல்லையும், மீன் கேட்கும் மகனுக்குப் பாம்பையும் எந்தத் தகப்பன் கொடுப்பான் என்று கேட்டுவிட்டு, பிதா வேண்டிக்கொள்ளுகிறவர்களுக்கு "நன்மையானவைகளை" கொடுப்பார் என்று முடிக்கிறார். லூக்கா இதே பேச்சை எழுதும்போது அந்த இடத்தில் பரிசுத்த ஆவியைக் குறிப்பிடுகிறார். அப்பமும் மீனும் அன்றாடச் சாப்பாடு. முந்தின அதிகாரத்தில் கற்பித்த ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கேட்கச் சொன்னவரே இங்கும் பேசுகிறார். "தேடுங்கள்" என்பதும் புதிய சொல் அல்ல. "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" என்று அவர் அப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறார்.

இப்படிச் சொல்வதால், அம்மாவின் மரணம் அந்த 'நன்மையானவைகளில்' ஒன்று என்று உன்னிடம் நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். வேதம் அப்படிச் சொல்லவில்லை. இந்த வாக்கைக் கொடுத்தவரே சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் முகங்குப்புற விழுந்து, அந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கேட்டார், அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பகுதியின் கடைசி வரி. 12-ஆம் வசனம் "ஆதலால்" என்று தொடங்குகிறது: மனுஷர் உங்களுக்கு எவைகளைச் செய்ய விரும்புகிறீர்களோ, அவைகளை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள். பிதா கொடுக்கிறார், ஆதலால் நீங்களும் செய்யுங்கள் என்று அந்த ஒரு சொல் இரண்டையும் கட்டிவிடுகிறது. அட்டைகளில் அச்சிடுகிறவர்கள் அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். பின்னோக்கி 5-ஆம் அதிகாரத்துக்குப் போனால், "உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு, உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே" என்று இருக்கிறது. கேள், கொடு என்ற அதே இரண்டு சொற்கள்தாம்; ஆனால் அங்கே கேட்கப்படுகிறவன் நான்.

அம்மா படுத்திருந்த அந்த ஜனவரியில் ஒரு நாள் மாலை, நாம் ஜெபத்தில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது உனக்கு நினைவிருக்கும். கீழ்த்தோட்டத்துக்காரர் வந்து, மேலே உள்ள ஊற்றிலிருந்து நம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு குழாய் இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். பழைய எல்லைத் தகராறு மனதில் இருந்ததால், நான் கதவைப் பாதிகூடத் திறக்காமல், "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, திரும்பி வந்து முழங்காலில் நின்றேன். அதனால்தான் நம் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நான் எண்ணவில்லை. அப்படிக் கணக்குப் பார்ப்பதற்கும் இந்த வசனங்களில் ஆதாரமில்லை. ஆனால் தட்டுங்கள் என்ற சொல்லை இப்போது படிக்கும்போதெல்லாம், பனியில் விறைத்துப்போன அவருடைய கைவிரல்கள் கதவு விளிம்பைப் பிடித்திருந்ததுதான் கண்முன் வருகிறது.

சென்ற வாரம் நானே இறங்கிப் போய் அவரை அழைத்தேன். கறுப்புக் குழாயைச் செடி வரிசையை ஒட்டி, கொழுந்து பறிப்பவர்களின் கால் தட்டாதபடி ஒரு சாண் ஆழத்தில் புதைத்தோம். இரண்டு நாள் வேலை. நேற்று அவர் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது அந்த அட்டையையும் கொண்டு வா. மூன்று அதிகாரங்களையும் அம்மாவின் வேதப்புத்தகத்தில் சேர்ந்து வாசிப்போம். 6-ஆம் அதிகாரத்தின் ஓரத்தில் அவள் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா