துணைக்கால் தவறியபோது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் இதழில் ஒரு பள்ளி விழாச் செய்தி வந்திருந்தது. 'விழாவுக்குத் தலைமை தாங்கிய தலைமையாசிரியர், மாணவர்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று கூறினர்' என்று எழுதியிருந்தீர்கள். உரக்கப் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி நிறுத்திவிட்டு, "அந்தப் பள்ளியில் எத்தனை தலைமையாசிரியர், தாத்தா?" என்று கேட்டாள். ஒருவர்தான். துணைக்கால் ஒன்று விழுந்துவிட்டதால் ஒருவர் பலராகிவிட்டார்.

அச்சகங்களில் மெய்ப்புத் திருத்தியே தலை நரைத்தவன் நான். இந்தப் பிழை கண்ணுக்குச் சிக்காமல் போவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். 'கூறினர்' என்பது பிழையான சொல் அன்று. 'தலைவர்கள் கூறினர்' என்றால் சரி, 'தலைவர் கூறினர்' என்றால் தவறு. தனியாகப் பார்த்தால் இரண்டு சொல்லும் குற்றமற்றவை. சேர்ந்து நிற்கும்போதுதான் குற்றம். எழுத்துப் பிழை காட்டும் கணினி நிரலும் சொல் சொல்லாகப் பார்க்கிற வரையில் இதைக் கண்டுகொள்ளாது.

எல்லா வினைகளிலும் இந்த ஆபத்து இல்லை. வந்தார் – வந்தனர், செய்தார் – செய்தனர் என்று வரும் சொற்களில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 'இன்' என்ற இடைநிலை பெற்று இறந்தகாலம் காட்டும் வினைகளில்தான் ஒரே ஒரு துணைக்காலில் ஒருமையும் பன்மையும் பிரிகின்றன: கூறினார் – கூறினர், பேசினார் – பேசினர், வழங்கினார் – வழங்கினர், பாராட்டினார் – பாராட்டினர். விழாச் செய்திக்கு வேண்டிய வினைகள் அத்தனையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையாக இருப்பது நம் கெட்ட நேரம். எதிர்காலத்திலும் அப்படியே. 'அமைச்சர் பரிசு வழங்குவர்' என்று அழைப்பிதழில் அச்சாகிவிட்டால், எத்தனை அமைச்சர்கள் வருகிறார்கள் என்று ஊர் கேட்கும்.

'ஆர்' என்ற விகுதியும் முதலில் பன்மைக்கு உரியதுதான். ஒருவரைப் பன்மையால் சொல்வதைத் தொல்காப்பியம் உயர்சொற்கிளவி என்று குறிக்கிறது. அது வழக்கில் வருவது, இலக்கண நெறி அன்று என்றும் சொல்லிவிடுகிறது. பிறகு வழக்கே வென்றது. 'அவர்', 'வந்தார்' இரண்டும் மரியாதை ஒருமைக்குப் போய்விட, பலரைச் சொல்ல அவற்றோடு 'கள்' ஒட்டவேண்டி வந்தது. 'வந்தனர்', 'கூறினர்' மட்டும் இன்றைய உரைநடையில் பலருக்கே நிற்கின்றன. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் ஒருவருக்கு 'கூறினர்' போட்டால் மரியாதை கூடாது. கூட்ட வேண்டுமானால் 'தலைவர் அவர்கள் கூறினார்கள்' என்று முழுதாகவே கூட்டிவிட வேண்டும். 'தலைவர் அவர்கள் கூறினார்' என்று பெயரில் ஏற்றி வினையில் இறக்குவது அரைக்கும்பிடு.

சரிபார்க்கும் முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பழைய அச்சுக்கோப்பாளர். வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படி என்பார். வினைமுற்றின் வாலில் விரலை வை; 'யார்?' என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போ. வேற்றுமை உருபு ஏறாத பெயர் கிடைக்கும் வரை நிற்காதே. 'ஐ', 'கு', 'ஆல்', 'இன்' ஏறிய பெயர்கள் எவ்வளவு கௌரவமானவையாக இருந்தாலும் அந்த வினையோடு அவற்றுக்கு உறவில்லை.

எல்லா இதழ்களிலும் காணக்கிடைக்கும் பிழைகளைச் சேர்த்து ஒரு செய்தி எழுதிப் பார்க்கிறேன்:

'சைக்கிளில் சென்ற முதியவர் மீது மோதிய லாரியின் ஓட்டுநர் தப்பி ஓடிவிட்டான். அவரைப் போலீசார் தேடி வருகிறார். முதியவருக்கு வயது 71 ஆகிறது. அவருக்கு இரண்டு மகள்கள் உள்ளார்.'

முதல் வாக்கியத்தில் ஓடியது யார்? ஓட்டுநர். பெயர் 'அர்' என்று முடிகிறது, ஆகவே 'ஓடிவிட்டார்'. நிருபருக்குக் கோபம் வந்திருக்கிறது, அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த வரியிலேயே 'அவரை' என்று எழுதிவிட்டாரே. இரண்டாவது வாக்கியம் பொல்லாதது. போலீசார், வருகிறார் என இரண்டும் 'ஆர்' என்று முடிவதால் காதுக்கு இசைவாக ஒலிக்கிறது. 'போலீசார்' என்ற இடத்தில் 'அவர்' பொருந்துமா, 'அவர்கள்' பொருந்துமா என்று மாற்றி வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். 'தேடி வருகின்றனர்' என்பதே சரி. பெற்றோர், குடும்பத்தார், ஊரார் எல்லாம் இதே வகை. 'பெற்றோர் தெரிவித்தார்' என்று படிக்கும்போதெல்லாம் அப்பாவா அம்மாவா என்று கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாவதைத் தொட வேண்டாம். ஆகியது வயது, முதியவர் 'கு' ஏறி ஒதுங்கிவிட்டார். 'ஆகிறது' மரியாதைக் குறைவு என்று எண்ணித் திருத்தப் புறப்பட்ட உதவியாசிரியர் ஒருவரை நான் அறிவேன். நான்காவதில் 'அவருக்கு' முன்னால் நிற்பதால் கை தானாக 'உள்ளார்' என்று எழுதிவிடுகிறது. இருப்பவர்கள் மகள்கள், 'உள்ளனர்' என்று வர வேண்டும்.

இந்த முறைக்கும் எட்டாத இடம் உண்டு. அந்த முதியவருக்கு 40 வயதில் ஒரு மகன் இருந்து, அவர் புகார் கொடுத்தால் 'மகன் புகார் கொடுத்தார்' என்றே எழுதுவோம். 'மகன்' என்ற சொல்லுக்கு நாம் வழங்கும் மரியாதை வடிவம் இல்லாததால் ஆளின் வயது பார்த்து வினை முடிகிறது. ஆனால் 6 வயதுப் பையனைக் கிணற்றிலிருந்து தூக்கினால், 'சிறுவன் மீட்கப்பட்டான்' என்பதுதான் என் காதுக்குச் சரி. 'மாணவன் முதலிடம் பெற்றார்' என்று எழுத விரும்புகிறவர் வினையை விட்டுவிட்டுப் பெயரை 'மாணவர்' என்று மாற்றிக்கொள்ளலாம். அந்த வசதி அங்கே இருக்கிறது.

'வரவில்லை', 'தெரியாது', 'முடியும்' போன்றவை யாருக்கும் விகுதி காட்டாதவை. கைதானவரைப் பற்றிய செய்தியில் இவை நடுவில் வந்துவிட்டால் மரியாதை எங்கே நழுவியது என்று அந்த வரியில் தெரியாது; முதல் பத்தியில் 'வாலிபர்' ஆக இருந்தவர் கடைசிப் பத்தியில் 'ஒப்புக்கொண்டான்' என்று முடிந்திருப்பார். ஆகவே ஒரே ஆளைப் பற்றிய வினைகளை மட்டும் தொடர்ச்சியாக ஒரு முறை படித்துவிட வேண்டும்.

தங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன் கணினியின் தேடுபெட்டியில் 'னர்' என்று மட்டும் அடித்துத் தேடச் சொல்லுங்கள். துணைக்கால் உள்ள 'கூறினார்' அதில் அகப்படாது. பின்னர், முன்னர், கட்சியினர் எல்லாம் வந்து நிற்கும். அவற்றைத் தாண்டிப் போய், வினைமுற்று வரும்போது மட்டும் நின்று, 'எத்தனை பேர்?' என்று கேட்டால் போதும். சென்ற வாரத்துத் தலைமையாசிரியர் அங்கேயே பிடிபட்டிருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
விருதுநகர்.