தூண் வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது

அன்புள்ள குடியிருப்போருக்கு,

சங்கச் செயலாளர் எழுதுகிறேன். வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் தூண்களைக் கொத்தும் பிரேக்கர் ஓட ஆரம்பிக்கும். ஜன்னலைச் சாத்தினால் சத்தம் கேட்காது என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தப் போவதில்லை. தூணைக் கொத்தும்போது அதிர்வு தூண் வழியாகவே மேலே ஏறும். நான்காவது மாடியிலும் சுவருக்குள் யாரோ துளை போடுவது போல இருக்கும்.

ஆறு தூண்களில் சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். (கோலம் போட்டது யார் என்று ஒரு குட்டிப் பெண் கேட்டாள்.) அவை பொறியாளர் போட்டவை. சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நல்ல கான்கிரீட் 'டங்' என்றது, உள்ளே விலகி நிற்பது 'டொப்' என்றது. 'டொப்' என்ற இடமெல்லாம் வட்டம். மோட்டார் ரூம் பக்கத்துத் தூணில் வட்டத்தை விட மோசம்: நெடுக்காக ஒரு விரிசல், அதன் ஓரமாகச் செம்பழுப்புக் கறை. உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காததால் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. கடற்காற்றும், கட்டும்போது கலந்த உப்புப் போர் தண்ணீரும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்கிறார்.

"மேலே பூசிவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்டீர்கள். சில வருடங்களுக்கு முன் சங்கம் செய்தது அதைத்தான். துருவை உள்ளே விட்டுப் பூசினோம், பூச்சு இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இந்த முறை கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்து, துத்தநாக பிரைமர் அடித்து, அப்புறம் பாலிமர் கலந்த கலவையால் நிரப்புவார்கள்.

நேரம் இதைப் பொறுத்துத்தான் அமைந்திருக்கிறது. இங்கே திறந்த கம்பியை ஒரு இரவு விட்டால், காலையில் அதன்மேல் மறுபடி மெல்லிய துரு படிந்திருக்கும். அதனால் அன்று திறந்ததற்கு அன்றே பிரைமர் போட்டாக வேண்டும். கொத்துவது காலை 10 முதல் 1 வரை, மதியம் 3 முதல் 4.30 வரை. அதன்பின் தேய்ப்பதும் பிரைமரும்; அதில் பிரேக்கர் கிடையாது. சட்டத்தின் கணக்கில் பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை, அதை நம்பினால் நாம் யாரும் தூங்க முடியாது. 1 முதல் 3 வரை முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் என்று விட்டிருக்கிறோம். சனிக்கிழமை மதியத்தோடு சரி, ஞாயிறு வேலை இல்லை. இரவுப் பணிக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது என்று தெரியும், மன்னிக்கவும். என்றைக்கு எந்தத் தூண் என்பதை முந்தைய நாள் மாலையே பலகையில் எழுதுவோம்.

ஒரு வேண்டுகோள். சத்தம் தாங்காமல் நேரே கீழே போய் "நிறுத்துப்பா" என்று தொழிலாளியிடம் சொல்லாதீர்கள். பாதியில் நின்றால் கம்பி திறந்தபடியே கிடக்கும். என்னைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டு டைல்ஸ் உடைப்பு, சமையலறை மாற்றம் எல்லாவற்றையும் வேலை நடக்கும் இந்த மூன்று வாரம் தள்ளி வையுங்கள்.

தூசிக்குப் பச்சை வலை கட்டுகிறோம். அது தெறிக்கும் சில்லுகளைத்தான் பிடிக்கும், மாவு போன்ற தூசியைப் பிடிக்காது. கொத்தும் இடத்தில் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறோம், அப்படியும் கொஞ்சம் பறக்கும். இந்தத் தூசியில் நுரையீரலில் தங்கும் சிலிக்கா இருக்கிறது. அதனால் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். வீசிங் உள்ளவர்கள் கீழே வரும்போது துணி மாஸ்க்குக்குப் பதில் என்95 போடுங்கள். முதல் மாடி ஏ.சி. வெளிப்பெட்டிகளைக் கொத்தும் நேரத்தில் அணைத்து மூடி வையுங்கள்; திரும்பப் போடும் முன் மூடியதை எடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் பெட்டி சூடேறிவிடும். சம்ப் மூடியைச் சுற்றி நாங்களே பாலித்தீன் ஒட்டுகிறோம்.

கலவைக்கும் பூசியபின் ஏழு நாள் ஈரம் காப்பதற்கும் லாரித் தண்ணீர்தான், போர் தண்ணீர் தொடக்கூடாது. தூணில் சுற்றிய ஈரச் சாக்கை அசிங்கமாக இருக்கிறது என்று யாரும் அவிழ்க்க வேண்டாம்.

கொத்தும் தூணின் பக்கத்தில் உத்தரத்துக்கு இரும்பு முட்டுகள் நிற்கும். கார் இடித்தால் முட்டு நகரும். அதனால் மோட்டார் ரூம் வரிசையில் நிறுத்தும் ஐந்து கார்களும் ஞாயிறு இரவு 9 மணிக்குள் வெளித் தெருவுக்குப் போயிருக்க வேண்டும். ஊரில் இல்லாதவர்கள் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

செயலாளர்,
குடியிருப்போர் சங்கம்