9-5, 10-20%: எண்களுக்கு நடுவில் வரும் கோடு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் சுற்றறிக்கைகள், கட்டண அறிவிப்புகள், விலைப்பட்டியல்கள் எல்லாவற்றையும் நாங்கள் திருத்தி, வடிவமைத்துத் தருகிறோம். அந்த வேலையில் நாங்கள் அதிகம் நின்று யோசிக்கும் இடம் இரண்டு எண்களுக்கு நடுவில் வரும் சின்னக் கோடு. அதைத் திருத்தும்போது "ஏன் மாற்றினீர்கள், நான் எழுதியது சரிதானே?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

ஒரு மாதிரி அறிவிப்பை எடுத்துக்கொள்வோம்.

```
அலுவலகம் 9 - 5 திறந்திருக்கும்.
சேவைக் கட்டணம் 10 - 20% உயர்கிறது.
மாற்றம் 9-5 முதல் அமலுக்கு வரும்.
```

எழுதியவருக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. முதல் வரியில் வருவது நேரம், மூன்றாம் வரியில் வருவது மே மாதம் ஒன்பதாம் தேதி. ஆனால் படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேதியில் மாதத்தை முதலில் எழுதும் பழக்கமுள்ள ஒருவர் படித்தால் அது செப்டம்பர் ஐந்து. இடைக்கோடு வரம்பைக் காட்டும், தேதியைப் பிரிக்கும், ஆட்டத்தின் புள்ளிக்கணக்கைக் காட்டும், கழித்தல் குறியாகவும் நிற்கும். இத்தனை வேலைக்கும் விசைப்பலகையில் இருப்பது ஒரே விசை. அதனால் வாக்கியத்துக்குள் வரும் வரம்பை நாங்கள் பெரும்பாலும் சொல்லாகவே மாற்றிவிடுகிறோம்: "காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை." தேதியில் மாதத்தின் பெயரை எழுதிவிடுகிறோம். நாலு சொல் கூடுகிறது, உண்மைதான். ஆனால் விளக்கம் கேட்டு யாரும் திரும்ப மின்னஞ்சல் அனுப்ப மாட்டார்கள்.

சொல்லையும் கோட்டையும் கலக்கவும் கூடாது. "9-5 வரை", "10-20% வரை" என்று நிறைய வருகிறது. கோடே "முதல், வரை" இரண்டையும் சொல்லிவிடுகிறது. பிறகு தனியாக ஒரு "வரை" வந்தால், "10-20 என்பது ஏதோ ஒரு பிரிவின் பெயரோ, அதுவரைக்குமோ" என்று வாசிப்பவர் ஒரு நொடி தடுக்கி நிற்பார். ஒன்று "10 முதல் 20% வரை", இல்லையென்றால் "10–20%". இரண்டில் ஒன்று போதும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணோடு வேற்றுமை உருபைச் சேர்க்க நாம் இடைக்கோட்டைத்தான் பயன்படுத்துகிறோம்: 9-ல், 20-ஐ, 5-க்குள். வரம்புக்கும் அதே கோட்டைப் போட்டால் "10-20-க்குள்", "9-5-ல்" என்று கோடுகள் வரிசை கட்டி நிற்கும். எது வரம்பு, எது உருபு என்று கண் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். சதவீதக் குறியும் சேர்ந்தால் "10-20%-க்கும்" என்று ஆகிவிடும். இதற்கு நாங்கள் கண்ட எளிய வழி, உருபை எண்ணில் ஒட்டாமல் பக்கத்துச் சொல்லில் ஒட்டுவது: "10 முதல் 20 சதவீதத்துக்குள்", "9 மணி முதல் 5 மணிக்குள்". "சதவீதம்" என்று எழுத்தில் எழுதினால் உருபு அதனுடன் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும், கோடே தேவைப்படாது. எண்ணை எழுத்தில் எழுதினாலும் அப்படித்தான். "பத்து முதல் இருபது சதவீதம்" என்பதில் கோட்டுக்கு இடமே இல்லை. ஆனால் "பத்து இருபது சதவீதம்" என்று அறிவிப்பில் எழுதாதீர்கள். பேச்சில் அது "ஏதோ கொஞ்சம், தோராயமாக" என்றுதான் பொருள்படும். பத்துக்குக் கீழேயும் போகாது, இருபதுக்கு மேலேயும் போகாது என்ற உறுதி அதில் இல்லை.

ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்புவோருக்கு ஒரு வார்த்தை. "நைன்-டு-ஃபைவ் ஜாப்" என்று பின்னால் வரும் பெயர்ச்சொல்லுக்கு அடைமொழியாக வரும்போது மூன்று சொற்களுக்கும் நடுவில் இடைக்கோடு வரும். "அலுவலகம் ஃப்ரம் நைன் டு ஃபைவ் திறந்திருக்கும்" என்ற பொருளில் வந்தால் கோடு கிடையாது. "ஃப்ரம்" என்று தொடங்கினால் "டு" என்றும், "பிட்வீன்" என்று தொடங்கினால் "அண்ட்" என்றும் முடிக்க வேண்டும். அங்கே கோட்டைப் போடுவது பிழை.

சரி, கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற இடங்களும் உண்டு. அட்டவணை, தலைப்பு, மின்னஞ்சலின் பொருள் வரி ஆகியவற்றில் இடம் குறைவு. அங்கே முதல் விதி, கோட்டுக்கு இருபுறமும் இடைவெளி விடாதீர்கள். மாதிரி அறிவிப்பின் இரண்டாம் வரியைக் கைபேசியில் திறந்தால், திரையின் அகலத்தைப் பொறுத்து வரி எங்கே வேண்டுமானாலும் மடியும். "10 - 20%" என்று இடைவெளி விட்டிருந்தால், 10-க்குப் பிறகே மடிந்து அடுத்த வரி இப்படித் தொடங்கலாம்:

```
சேவைக் கட்டணம் 10
- 20% உயர்கிறது.
```

இதைப் பார்ப்பவருக்குக் கழித்தல் இருபது சதவீதம் என்று தோன்றும். கட்டணம் பத்து என்றும் தோன்றும். இடைவெளி இல்லாமல் "10-20%" என்று எழுதினால் கோட்டுக்கு முன்னால் மடியாது. கோட்டுக்குப் பின்னால் மடியலாம், ஆனால் வரி "10-" என்று முடிவதால் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று தெரியும். அதையும் தவிர்க்க வேண்டுமானால் மடியாத இடைக்கோடு என்று தனியாக ஓர் எழுத்துக்குறி இருக்கிறது, யூனிகோடில் அதன் எண் U+2011. வேர்டில் Ctrl+Shift+_ அழுத்தினால் வரும். வாக்கியத்துக்குள் அதைவிட "முதல், வரை" எழுதுவதே மேல் என்பது எங்கள் எண்ணம்.

அடுத்து, எந்தக் கோடு? அச்சில் வரம்புக்கு இடைக்கோட்டைவிடச் சற்று நீளமான "என் டேஷ்" கோட்டைப் போடுவது வழக்கம்: 9–5, 10–20%. விண்டோஸில் Alt விசையைப் பிடித்துக்கொண்டு எண் பலகையில் 0150 அடித்தால் வரும். மேக்கில் Option விசையோடு இடைக்கோட்டு விசை. கைபேசியில் இடைக்கோட்டை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் மேலே தோன்றும். அச்சுக்குப் போகும் எதிலும் இதை நாங்களே மாற்றிவிடுவோம், நீங்கள் மெனக்கெட வேண்டாம். மின்னஞ்சலில் சாதாரண இடைக்கோடே இருந்தாலும் தவறில்லை. ஒரே மடலில் ஓர் இடத்தில் அது, இன்னோர் இடத்தில் இது என்று கலக்காமல் இருந்தால் போதும்.

டேஷ் போட்டால் எதிர்முனையில் விசித்திரமான எழுத்துகளாகத் தெரிகிறது என்ற புகார் எங்களுக்கு வருவதுண்டு. இப்படித்தான் தெரியும்:

```
10â€“20%
```

எழுத்துகளைக் கணினியில் பதிவதற்கான யூடிஎஃப்-8 முறையில் டேஷ் மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. பெறும் மென்பொருள் அந்த மூன்றையும் பழைய விண்டோஸ்-1252 முறையில் தனித்தனி எழுத்துகளாகப் படித்தால் இந்த மூன்று குறிகள் கிடைக்கும். தமிழ் மின்னஞ்சலில் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தமிழ் எழுத்துகளும் யூடிஎஃப்-8 முறையில்தான் போகின்றன. அவை ஒழுங்காகத் தெரிந்தால் டேஷும் ஒழுங்காகத் தெரியும். முழுக்க ஆங்கிலத்தில் உள்ள மடலைப் பழைய கணக்கு மென்பொருள் எதிலாவது ஏற்றுகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் இடைக்கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதற்கு நேரெதிரான தொல்லை எக்செல்லில் இருக்கிறது. மின்னஞ்சலில் உள்ள "9-5" என்பதை நகலெடுத்து ஒரு கட்டத்தில் ஒட்டினால், எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து அது மே 9 ஆகவோ செப்டம்பர் 5 ஆகவோ மாறும். பிறகு கட்டத்தை உரை வடிவத்துக்கு மாற்றினாலும் "9-5" திரும்பாது, 45786 போன்ற ஓர் எண்தான் வரும். தேதியை எக்செல் உள்ளே அப்படித்தான் வைத்திருக்கிறது. ஆகவே ஒட்டுவதற்கு முன்பே கட்டங்களை உரை வடிவமாக்கிவிட்டு, வெறும் உரையாக ஒட்டுங்கள். கையால் அடிப்பதானால் முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள்.

சதவீதத்தைப் பொறுத்தவரை, குறியை ஒருமுறை போட்டு "10–20%" என்றும் எழுதலாம், இருமுறை போட்டு "10%–20%" என்றும் எழுதலாம். இரண்டும் வழக்கில் உள்ளவை. நாங்கள் முதல் வகையைப் பின்பற்றுகிறோம். கீழே போகும் அளவுகளில் மட்டும் கோடே வேண்டாம். "-5–-10%" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. "5 முதல் 10% வரை குறைவு" என்று எழுதுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைப்பட வைப்பது மாதிரி அறிவிப்பின் இரண்டாம் வரியின் பொருள்தான். "சேவைக் கட்டணம் 10-20% உயர்கிறது" என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம். இப்போதைய கட்டணம் 1,000 என்று வைத்துக்கொள்வோம். வரம்பு என்று படித்தால், புதிய கட்டணம் 1,100-க்கும் 1,200-க்கும் இடையில் எங்கோ இருக்கும். ஆனால் சேவைக் கட்டணமே தொகையில் இத்தனை சதவீதம் என்று வசூலிக்கப்படுகிறது என்றால், பத்து சதவீதமாக இருந்தது இருபதாகிறது என்றும் ஒருவர் படிப்பார். அப்படியானால் 1,000 ரூபாய்த் தொகைக்கு 100 கட்டியவர் இனி 200 கட்ட வேண்டும், அதாவது இருமடங்கு. இந்த வாக்கியம் எங்களிடம் வந்தால் நாங்களாக எதையும் மாற்ற மாட்டோம், உங்களைக் கேட்போம். முதல் பொருள் என்றால் "பிரிவைப் பொறுத்து 10 முதல் 20% வரை உயர்கிறது" என்று எழுதுவோம். இரண்டாவது என்றால் "10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்கிறது" என்று எழுதுவோம். அங்கே கோடு வரவே கூடாது.

சலுகைப் படிகளிலும் இதே கவனம் வேண்டும். "10-20 பிரதிகளுக்கு 5%, 20-30 பிரதிகளுக்கு 10%" என்று அறிவித்தால், சரியாக இருபது பிரதி கேட்பவருக்கு எவ்வளவு? அவர் பத்து என்பார், உங்கள் கணக்காளர் ஐந்து என்பார். "10–19", "20–29" என்று எழுதினால் தகராறு இல்லை.

மேலே சொன்னபடி திருத்தினால் மாதிரி அறிவிப்பு இப்படி ஆகும்:

```
அலுவலகம் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும்.
சேவைக் கட்டணம், பிரிவைப் பொறுத்து, 10 முதல் 20% வரை உயர்கிறது.
மாற்றம் மே 9 முதல் அமலுக்கு வரும்.
```

அடுத்து வரும் மெய்ப்புகளில் கோடு இருந்த இடங்களை மஞ்சள் நிறத்தில் காட்டியிருப்போம். கேள்விக்குறி போட்ட இடங்களுக்கு மட்டும் எந்தப் பொருள் என்று ஒரு வரியில் பதில் எழுதுங்கள். அது வந்த பிறகே அந்த வரியை இறுதி செய்வோம்.

அன்புடன்,
திருத்தப் பிரிவு