மார்கழிச் செய்திக்கு ஆவணியில் பதில்

மதுரை
ஆவணி 4

அன்புள்ள சேது,

அம்மா போய்விட்டார்கள் என்று நீ மார்கழியில் எழுதியிருந்தாய். அன்று இரவே படித்துவிட்டேன். பதில் எழுதவில்லை, போன் செய்யவில்லை, வரவும் இல்லை. எட்டு மாதம் ஆகிவிட்டது. தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்.

இதற்கு நீ ‘பரவாயில்லடே’ என்று பதில் போட வேண்டாம். கோபம் இருந்தால் இருக்கட்டும். அது உன்னிடம் இருக்க வேண்டியதுதான்.

இந்த நாலு வரியை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது என்றால் சிரிப்பாய். முதலில் எழுதியது முழுதாக இரண்டு பக்கம். கண்ணில் புரை நீக்கியது, பெரியவளுக்குப் பிரசவம், அவளோடு பெங்களூரில் இரண்டு மாதம் இருந்தது, வந்ததும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னது என்று வரிசையாக எழுதியிருந்தேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் இரக்கமாக இருந்தது. இவளிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதப் படிச்சா சேது அண்ணன்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்லணும். அம்மா போனது அவருக்கா உங்களுக்கா?” என்றாள்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அவள் சொன்னது சரி. உன் அம்மா அந்த இரண்டு பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்தார்கள். மற்றதெல்லாம் நான், என் கண், என் வாடகை வீடு. அடுத்து எழுதியது இதைவிட மோசம். ‘நான் மனிதனே இல்லை, உன் முகத்தில் எப்படி விழிப்பேன்’ என்று மாரில் அடித்துக்கொண்டிருந்தேன். அதைப் படித்தாலும் ‘அப்படியெல்லாம் சொல்லாதே’ என்று நீதான் என்னைத் தேற்ற வேண்டும். அதையும் கிழித்தேன்.

காரணம் என்று ஒரு வரி வேண்டுமானால் இதுதான்: முதல் நாள், நாளைக்குச் சாவகாசமாக எழுதலாம் என்று தள்ளிவைத்தேன், அப்புறம் வெட்கமாகிவிட்டது. கண், பிரசவம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நேரம் இல்லை என்று சொல்லவே முடியாது. நம் பள்ளிக்கூடக் குழுவில் அந்த எட்டு மாதத்தில் நான் போட்ட குத்துவிளக்குப் படங்களை நீயும் பார்த்திருப்பாய். கோபால் போட்ட அல்வா ஜோக்குக்கு நான் சிரித்ததையும் பார்த்திருப்பாய். உன் செய்திக்குக் கீழே இரண்டு நீலக் கோடு நிற்க, பக்கத்து அறையில் நான் சிரிக்கிறேன். அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

இதில் பெரிய கேலி என்னவென்றால், பதில் போடுவதுதான் எனக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்த வேலை. கடைசி ஆறு வருஷம் தாலுகா ஆபீசில் பொதுத் தகவல் அலுவலராக இருந்தேனே, தகவல் உரிமைச் சட்டத்தில் வரும் மனுவுக்கு 30 நாளில் பதில் போயாக வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் என்ன ஆகும் தெரியுமா? 7(2) பிரிவு சொல்கிறது: பதில் கொடுக்காவிட்டால் மறுத்துவிட்டதாகவே கொள்ளப்படும். மறந்தாரா, லீவில் இருந்தாரா என்று அந்த வரி கேட்பதில்லை. மனுப் போட்டவர் பார்வையிலிருந்து எழுதிய சட்டம் அது. அவருக்குத் தெரிவது ஒன்றுதான், பதில் வரவில்லை. ஆறு வருஷம் அந்தப் பிரிவை மேற்கோள் காட்டிக் குமாஸ்தாக்களை விரட்டியவன், அதை என் போனுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. நான் ‘இன்னும் எழுதவில்லை’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பக்கத்தில் முதல் மாதமே நான் மறுத்தாகிவிட்டது.

அபராதமும் உண்டு. நாளுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000-க்கு மேல் போகாது. கெடு தாண்டிய நூறு நாளிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டேன், மிச்ச மூன்றரை மாதம் சும்மா கிடைத்தது. 25,000-ஐ அல்வாவாகத் தருகிறேன், தவணையில். மேல்முறையீடு செய்வதென்றால் என் மேலதிகாரியிடம் செய், அதாவது இவளிடம். அவள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஆபீசில் புதிதாக வரும் பையன்களிடம் நான் ஒன்று சொல்வேன். முழுப் பதில் தயாராக இல்லையென்றால், மனு கிடைத்தது, இன்னாரிடம் கேட்டிருக்கிறோம், இத்தனாம் தேதிக்குள் வரும் என்று இரண்டு வரி இன்றைக்கே அனுப்பு. உனக்கு அன்று ராத்திரி, ‘பார்த்தேன் சேது. கை ஓடவில்லை. காலையில் கூப்பிடுகிறேன்’ என்று போட்டிருந்தால் போதும். அம்மாவுக்கு அந்தச் சின்ன வரி போதாது, நன்றாக எழுத வேண்டும் என்று நினைத்தேன் பார், அங்கேதான் சறுக்கியது. நாள் ஆக ஆக எழுத வேண்டிய கடிதம் பெரிதாகிக்கொண்டே போனது. பத்து நாள் தாமதத்துக்கு ஒரு பக்கம், மூன்று மாதத்துக்கு ஐந்து பக்கம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. கடைசியில் யாராலும் எழுத முடியாத கடிதமாகிவிட்டது.

சரி. இப்போது எழுத உட்காரும்முன் உன் செய்தியை எடுத்து மறுபடி படித்தேன். எட்டு மாதமாக அதைப் படிக்கவே இல்லை. திறந்தால் நெஞ்சில் அடிக்கும் என்று விரலால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். அதில் சாவுச் செய்தி மட்டும்தான் இருக்கிறது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். படித்தால் நீ மூன்று விஷயம் கேட்டிருக்கிறாய்.

பதினாறாம் நாளுக்கு வருவாயா என்று கேட்டிருந்தாய். அதற்கு இனி பதில் கிடையாது.

வாரிசுச் சான்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் வருவாய்த் துறையில் இருந்த சிநேகிதன் இருக்க, நீ ஆபீஸ் ஆபீஸாக நாலு தடவை அலைந்தாய் என்று கோபால் சொன்னான். சான்று கையில் வந்துவிட்டதாம். ஒன்று மட்டும் பார்த்துவிடு: அதில் அக்கா பெயர் இருக்கிறதா? கட்டிக்கொடுத்த பெண்தானே என்று விட்டுவிடுகிறார்கள், பத்து வருஷம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது அது வந்து நிற்கும். அந்தச் சான்றை வைத்துப் பட்டா மாற்றினால் உங்கள் மூன்று பேர் பெயரிலும் கூட்டாகத்தான் வரும். வீடு தம்பிக்கு மட்டும் என்று நீங்கள் பேசி வைத்திருந்தால், நீயும் அக்காவும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டுவிடாதே. காகிதங்களை எடுத்து வை, நான் வரும்போது பார்க்கிறேன்.

மூன்றாவது, அம்மாவைப் பற்றி நினைவிருப்பதை எழுதி அனுப்பு, பேரப்பிள்ளைகளுக்குத் தொகுத்து வைக்கிறேன் என்றாய். இதற்குக் கெடு தாண்டவில்லை என்று நினைக்கிறேன். உனக்கே தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

உங்கள் அப்பா பம்பாயில் மில்லில் இருந்தபோது வரும் இன்லேண்ட் கடிதங்களை நீதானே அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாய்? நீ படித்துவிட்டு விளையாடப் போனதும் அம்மா என்னைக் கூப்பிடுவார்கள். அடுப்படியில் உட்காரவைத்து, “இன்னொரு தடவை வாசி, அவன் நடுவுல எதையோ முழுங்குதான்” என்பார்கள். நீ முழுங்கியது எதை என்று உனக்கு நினைவிருக்கும். ‘சேது கணக்கில் எத்தனை மார்க்’ என்று உங்கள் அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருப்பார். நான் அதை வரி விடாமல் வாசித்தேன். கூலி ஒரு துண்டு கருப்பட்டி. ஆறாம் வகுப்பில் நீ வாங்கிய அடியில் பாதி என் கணக்கில் எழுதிக்கொள்.

பதிலையும் நான்தான் எழுதுவேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வார்கள்: கூரை ஒழுகுகிறது, ஆடு செத்துப்போச்சு, உங்க அண்ணன் வரப்பை வெட்டுகிறார், சேதுவுக்கு மஞ்சள்காமாலை. நான் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எல்லாவற்றையும் ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொள்வேன். சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அப்புறம், “எல்லாத்தையும் அடிச்சிரு. நாங்க சுகம், ரூவா இன்னும் வரலன்னு மட்டும் எழுது” என்பார்கள். இன்லேண்டில் அந்த இரண்டு வரிதான் போகும். மிச்ச இடம் வெள்ளையாக இருக்கும். பசை ஒட்டாது என்று ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வாசலைப் பார்த்திருப்பார்கள். ஒருமுறை நான் முந்திரிக்கொட்டை மாதிரி, ‘காமாலையையாவது எழுதுவோமே’ என்றேன். “அந்த மனுசன் அங்கன தனியா இருந்து படிக்கணும்லா?” என்றார்கள்.

அந்த நோட்டு கொஞ்ச நாள் என்னிடம் இருந்தது. எங்கே போனது தெரியவில்லை. இருந்திருந்தால் அம்மா அடிக்கச் சொன்னதையெல்லாம் உன் பேரன்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அன்று உனக்குத் தோதில்லை என்றால் ஒரு வார்த்தை போடு, அதற்கு அடுத்த ஞாயிறு வருகிறேன். ஒன்றும் போடாவிட்டால் மறுத்ததாகக் கொள்ள மாட்டேன், கிளம்பி வந்துவிடுவேன். சமையல் எதுவும் வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல். வந்ததும் உன் கையைப் பிடிப்பேன், கொஞ்ச நேரம் திண்ணையில் இருப்போம். நம் ஊரில் துட்டி கேட்க ஆறு மாசம் கழித்து வருகிறவனைக்கூட ஏன் இவ்வளவு நாள் என்று யாரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. பிறகு அந்தக் காகிதங்களைப் பார்ப்போம். கிளம்பும்போது சொல்லிக்கொள்ள மாட்டேன், தெரியும்தானே.

மாரியப்பன்