அரைக்கைச் சட்டையை முழுக்கையாக மாற்றித் தந்த படத்தில் உள்ள குறைகள் குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, படத்திருத்த நிறுவனம்

பொருள்: கோடுபோட்ட சட்டைப் படத்தை மீண்டும் திருத்தித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வெள்ளையில் நீலக்கோடு போட்ட அரைக்கைச் சட்டையை முழுக்கையாக்கித் தரும்படி நாங்கள் அனுப்பிய படம் முடிந்து வந்திருக்கிறது. தொங்கவிட்ட இடது கையில் சிறு திருத்தம் போதும். இடுப்பளவில் மடக்கி வைத்திருக்கும் வலது கையை இப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது. காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறோம். திருத்துபவரிடம் இதை அப்படியே கொடுங்கள்.

முதல் தவறு சட்டைக்கையின் வெளிக்கோட்டில் இருக்கிறது. பென் டூலில் கையின் தோல் விளிம்பையே பிடித்து வரைந்திருக்கிறார்கள். அதனால் அது சட்டையாகத் தெரியாமல், கையில் பூசிய சாயம் போலத் தெரிகிறது. துணி தோலோடு ஒட்டாது. கிடையாக நீட்டிய முன்கையில் மேல்பக்கம் துணி கையின் மீது படிந்திருக்கும். மிச்சத்துணி முழுவதும் கீழ்ப்பக்கம் தொங்கும். படத்தில் முன்கை 200 பிக்சல் அகலம் இருந்தால், மேல்விளிம்பில் 10 பிக்சல் விட்டால் போதும். கீழே முழங்கையை ஒட்டி 40 பிக்சல் வரை விட்டு, மணிக்கட்டை நோக்கிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எவ்வளவு தளர்வு என்பதற்கு ஊகம் தேவையில்லை. பழைய அரைக்கையின் வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று மூலப்படத்திலேயே தெரிகிறது.

அடுத்தது அடிநிறம். தோலின் மேல் நேரடியாக மல்டிப்ளை லேயரில் நீலத்தை அடித்திருக்கிறார்கள். மல்டிப்ளை கீழே இருப்பதை மறைக்காது, கருமையாக்கத்தான் செய்யும். நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்: முன்கையின் ரோமமும், தோலின் பழுப்பும் துணிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கின்றன. முதலில் நார்மல் லேயரில், சட்டையின் உடல் பகுதியிலிருந்து எடுத்த வெள்ளையால் கையை முழுவதும் மூட வேண்டும். அதன் மேல் கோடுகள், அதற்கும் மேல் மல்டிப்ளையில் நிழல். இந்த வரிசை மாறினால் பிறகு எதைச் சரிசெய்தாலும் நிற்காது.

எங்களை அதிகம் வருத்துவது கோடுகள்தான். மார்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து அப்படியே ஒட்டியதால், கிடையாக இருக்கும் முன்கையில் கோடுகள் செங்குத்தாக நிற்கின்றன. இந்தச் சட்டையின் கையில் கோடு தோளிலிருந்து மணிக்கட்டு நோக்கி ஓடுகிறது. மீதமுள்ள அரைக்கையே அதற்குச் சாட்சி. கை மடங்கினால் கோடும் மடங்க வேண்டும். மேல்கைக்கு ஒரு துண்டு, முன்கைக்கு ஒரு துண்டு என்று தனித்தனியாக எடுத்து, அந்தந்தத் திசைக்குத் திருப்பி, வார்ப் டூலில் உருளைபோல் வளைக்க வேண்டும். நடுவில் கோடுகளின் இடைவெளி அகலமாகவும், இரு ஓரங்களிலும் நெருக்கமாகவும் வந்தால்தான் கை உருண்டு தெரியும். இரண்டு துண்டும் சேரும் இடத்தை முழங்கையின் உள்மடிப்பில் ஒளித்துவிடலாம்.

மடிப்புகளும் இதோடு சேர்ந்தவைதான். இப்போது முன்கை முழுக்கச் சம இடைவெளியில் சாம்பல் வரிகள் இருக்கின்றன. மடங்கிய கையில் துணி நெருக்குண்பது முழங்கையின் உள்பக்கம். மடிப்புகள் அந்த ஒரு புள்ளியிலிருந்து விசிறியாகப் பிரிந்து போகும். வெளிப்பக்கம் துணி இழுபட்டு ஏறக்குறைய வழுவழுப்பாக இருக்கும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு ஓரம் கூர்மை, மறு ஓரம் மென்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, மடிப்பைக் கடக்கும் கோடு அங்கே உள்ளே போய் மறைந்து, சற்று விலகி வெளிவர வேண்டும். உங்கள் படத்தில் கோடு நேராகவே ஓடுகிறது, மேலே நிழல் மட்டும் கிடக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது மடிப்பல்ல, அழுக்கு. நிழலுக்குக் கறுப்பைப் பயன்படுத்தியதும் அந்த எண்ணத்தைக் கூட்டுகிறது. அக்குளுக்குக் கீழே சட்டையில் ஏற்கெனவே உள்ள நிழலின் நிறத்தையே எடுத்திருக்க வேண்டும்.

மேல்கையின் நடுவில் பழைய அரைக்கையின் மடித்துத் தைத்த விளிம்பு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. கஃப் மணிக்கட்டில் நேர்கோடாக வெட்டப்பட்டிருக்கிறது. அது மணிக்கட்டைச் சுற்றி வளைய வேண்டும், விளிம்பில் துணியின் தடிமன் தெரிய வேண்டும், தோலில் மெல்லிய நிழல் விழ வேண்டும். இடது கையில் நாங்கள் கேட்பது இந்தக் கஃப் திருத்தமும், கஃப்புக்குச் சற்று மேலே துணி சரிந்து சேரும் இரண்டு மூன்று சுருக்கங்களும் மட்டுமே.

காலரையும் தோள்தையலையும் தொடாமல் விட்டது நல்லது. மறுதிருத்தத்திலும் அவற்றைத் தொட வேண்டாம்.

வலது கையை மூலப்படத்திலிருந்து புதிதாகச் செய்து, அடிநிறம், கோடு, நிழல் ஆகியவை தனித்தனி லேயராக உள்ள கோப்பைக் கூடுதல் கட்டணமின்றி அனுப்புங்கள். ஒட்டிச் சேர்த்த ஒற்றை லேயர் கோப்பை ஏற்க மாட்டோம். இதைச் செய்ய இயலாது என்றால், இந்தப் படத்துக்குக் கட்டிய தொகையைத் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்