விடை சரிதானே, மார்க் ஏன் குறைந்தது? பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வின் கணித விடைத்தாள்களைக் கொடுத்த மறுநாள் ஒரு மாணவனின் அப்பா என் அறைக்கு வந்தார். ஒரு கையில் விடைத்தாள், இன்னொரு கையில் வினாத்தாள். "சார், விடை சரியாத்தானே இருக்கு? அஞ்சு மார்க் கேள்விக்கு ஒரு மார்க்தான் போட்டிருக்காங்களே" என்றார். சண்டை போட வரவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். உங்களில் இன்னும் சிலருக்கும் இதே சந்தேகம் இருக்கும் என்பதால், அவரிடம் சொன்னதை அவருடைய சம்மதத்தோடு எல்லோருக்கும் எழுதுகிறேன்.

கேள்வி இதுதான்: 300-க்கும் 600-க்கும் இடையே 7-ஆல் வகுபடும் எல்லா இயல் எண்களின் கூடுதல் காண்க. பையன் கேள்வி எண்ணைப் போட்டு, எதிரே 19264 என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தான். விடை சரி. ஆனால் அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

திருத்தும் ஆசிரியரிடம் ஒரு விடைக்குறிப்பு இருக்கும். நாங்கள் பேச்சில் 'கீ' என்போம். அதில் ஐந்து மதிப்பெண்ணும் ஒரே இடத்தில் இருக்காது, பிரிந்திருக்கும். இந்தக் கணக்குக்கு எங்கள் கீ இப்படி இருந்தது. 301, 308, ..., 595 என்று தொடரைக் கண்டுபிடித்தால் ஒரு மார்க். அதில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதற்கு n = (l − a)/d + 1 என்று எழுதி, (595 − 301)/7 + 1 என்று பிரதியிட்டால் இன்னொன்று. n = 43 என்று வந்தால் மூன்றாவது. கூடுதலுக்கு (43/2)(301 + 595) என்று எழுதினால் நான்காவது. கடைசியாக 19264-க்கு ஒன்று. பையன் எழுதியது அந்தக் கடைசி வரி மட்டும். அதற்குரிய ஒன்றைக் கொடுத்தாயிற்று, மற்ற நான்கையும் எந்த வரிக்குப் போடுவது?

அதே வகுப்பில் ஒரு மாணவி இதே கணக்கில் தவறான விடை எழுதியிருந்தாள். தொடர் சரி, சூத்திரமும் பிரதியிடலும் சரி. 294-ஐ 7-ஆல் வகுத்து 42 என்று எழுதியவள், கடைசியில் இருந்த ஒன்றைக் கூட்ட மறந்துவிட்டாள். அந்த 42-ஐ வைத்தே ஒழுங்காக மேலே போய் 18816 என்று முடித்திருந்தாள். n-க்கான மார்க்கும் விடைக்கான மார்க்கும் போயின, மூன்று கிடைத்தது. விடை சரியாக இருந்தவனுக்கு ஒன்று, தவறாக இருந்தவளுக்கு மூன்று. கேட்க அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அவள் தாளைப் பார்த்தால் எந்த இடத்தில் சறுக்கினாள் என்று விரல் வைத்துக் காட்டலாம். இவன் தாளில் காட்ட ஒன்றுமில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் கணக்கு இது. 19264 என்பதை மனப்பாடமாகவும் எழுதலாம், பக்கத்து மேசையைப் பார்த்தும் எழுதலாம், மூளையைக் கசக்கிப் போட்டும் எழுதலாம். தாளில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒருவேளை அவனும் அந்த ஒன்றைக் கூட்ட மறந்து 18816 என்று மட்டும் எழுதியிருந்தால், கைக்கு வருவது சுழி.

அப்புறம் அந்த அப்பா வினாத்தாளைத் திருப்பிக் காட்டினார். எனக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டது. ஓரத்தில் பென்சிலில் பொடிப்பொடியாக முழுக் கணக்கும் இருந்தது. அதுவும் புத்தகத்தில் உள்ள வழியில் இல்லை. 600-க்குள் 7-இன் மடங்குகள் 85, 300-க்குள் 42. மிச்சம் 43 எண்கள். 1 முதல் 85 வரை கூட்டினால் 3655, 1 முதல் 42 வரை கூட்டினால் 903. கழித்தால் 2752, அதை 7-ஆல் பெருக்கினால் 19264. அருமையான வழி. புத்தக வழியில் செய்தால்தான் மார்க் என்று யாரும் பயப்பட வேண்டாம், வேறு வழியில் சரியாகச் செய்திருந்தால் முழு மதிப்பெண் உண்டு. இந்த நான்கு வரியும் விடைத்தாளில் இருந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருப்பான். ஆனால் வினாத்தாள் பையனோடு வீட்டுக்கு வந்துவிட்டது. திருத்துபவர் அதைப் பார்ப்பதே இல்லை.

நிரூபிக்கச் சொல்லும் கேள்விகளில் நிலைமை இன்னும் மோசம். √((1 + cosθ)/(1 − cosθ)) = cosecθ + cotθ என நிரூபிக்க என்பது இரண்டு மார்க் கேள்வி. இதில் விடையைக் கேள்வியிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே அதைத் திரும்ப எழுதுவதற்கு மார்க்கே கிடையாது. ஆறு பேர் இடப்பக்கத்தை அப்படியே எழுதி, அடுத்த வரியிலேயே "= cosecθ + cotθ, எனவே நிரூபிக்கப்பட்டது" என்று முடித்திருந்தார்கள். ஒருவர் ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு வேறு. கேள்வி கேட்பதே நடுவில் நடப்பதைத்தான். மூலக்குறிக்குள் தொகுதியையும் பகுதியையும் 1 + cosθ-ஆல் பெருக்க வேண்டும். பகுதி 1 − cos²θ ஆகும், அது sin²θ. மூலம் எடுத்தால் (1 + cosθ)/sinθ. அதைப் பிரித்தால் 1/sinθ, cosθ/sinθ என்று இரண்டு துண்டு. கேட்டது வந்துவிட்டது. 1 + cosθ-ஆல் பெருக்கும் அந்த ஒரு வரி இல்லையென்றால் மற்றவை எங்கிருந்து வந்தன என்று தெரியாது.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் மனக்கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளிடம்தான் இருக்கிறது. சரியானதைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மார்க் கேள்விகளில் விடை மட்டும் போதும். அதிலேயே பழகிவிட்டு ஐந்து மார்க்கிலும் அப்படியே எழுதுகிறார்கள். பொதுத்தேர்வில் 100-இல் அப்படிப்பட்டவை 14 மார்க்தான். மற்ற கேள்விகளில் வழியையும் பார்ப்பார்கள். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் மையத்தில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். உங்கள் பிள்ளை கெட்டிக்காரன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அதற்காக ஒவ்வொரு பெருக்கலையும் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. 43-ஐ 448-ஆல் பெருக்குவதை விடைத்தாளின் ஓரத்தில் ரஃப் ஒர்க்காகப் போட்டால் போதும். அதை அழிக்காமல் விட்டுவைக்கட்டும். புதிதாக ஓர் எண் வரும் இடத்தில் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் இதைச் சோதிக்க உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நோட்டில் நடுவில் உள்ள ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து, "இது எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். மேல் வரியையோ ஒரு சூத்திரத்தையோ காட்டினால் சரி. "மனசுலயே போட்டேன்" என்றால், அந்த மனசில் போட்டதை அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.

ஐந்து மார்க் கேள்விகளில் பாதிக்கும் குறைவாக எடுத்தவர்களுக்கு வரும் வெள்ளிக்கிழமை மாலை அதே வினாத்தாளில் மறுதேர்வு வைக்கிறோம். முடிய ஐந்தரை மணி ஆகும், அழைத்துப்போக யாராவது வந்துவிடுங்கள். வினாத்தாளில் எதையும் எழுதக்கூடாது, எழுதினால் வாங்கி வைத்துக்கொள்வோம். பழைய விடைத்தாளில் உங்கள் கையெழுத்தைப் போட்டு அன்றே கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்